கண்டதும் கருதியதும்: சுரங்க விபத்து அறிக்கை எழுதும் முறை

பங்காருப்பேட்டையிலிருந்து கிளைத்துச் செல்லும் இருப்புப் பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. கோலார் தங்கவயலின் தென்பகுதியில் மைசூர்ச் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த ஊர் இது. இவ்வூரின் பழைய குடும்பங்களில் பாறை வெடிப்பு என்ற சொல்லை அறியாதவர் இருக்க மாட்டார். சுரங்கத்தின் அடியில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும்போது மேலே வீட்டிலிருப்போரும் அதன் அதிர்ச்சியை உணர்வதுண்டு. உடனே பெண்கள் ஷாப்டின் வாயிலுக்கு ஓடி வருவார்கள். யார் மேலே வருகிறார், யார் வரவில்லை என்பது தெரியும்வரை அவர்கள் அங்கேயே நின்றிருப்பார்கள். அதே வேளையில் சுரங்க அலுவலகத்தில் ஒருவர் காகிதத்தை எடுத்து, நடந்ததை எழுத உட்காருவார். அவர் எழுதும் முதல் அறிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு பெயரில் ஒளிந்திருந்த முடிவு

தங்கவயலில் இந்நிகழ்ச்சிகள் தொடக்கத்தில் 'காற்று வெடிப்பு' என்னும் பெயராலேயே வழங்கி வந்தன. மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பார் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பும் கோலார் தங்கவயலின் காற்று வெடிப்புகளையும் அதிர்ச்சிகளையும் பற்றியது என்றே அமைந்தது. இப்பெயர் தோன்றியதில் வியப்பில்லை. சுரங்கப் பாதையில் நின்றவனுக்கு முதலில் உடலில் படுவது காற்றின் வீச்சே. அது அவனைத் தள்ளும், கதவுகளை அறையும், தூசியை வாரி இறைக்கும். எனவே காற்றே வெடித்தது என்று எண்ணுவது இயல்பு.

ஆயினும் உண்மை வேறு. நிலத்தின் அடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும், மேலேயுள்ள பாறையின் எடை 270 கிலோகிராமுக்கு மேல் அழுத்துகிறது. சாம்பியன் ரீப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. தங்கம் கலந்த பாறையை வெட்டி எடுத்தவுடன், அது தாங்கிய சுமை வெட்டாமல் விட்ட தூண்களின் மீதும் விளிம்புகளின் மீதும் சென்று சேர்கிறது. கடினமான பாறை அச்சுமையை ஓரளவு வரை தாங்கி, வளைந்த வில்லைப் போல் ஆற்றலைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. எல்லை கடந்ததும் அது ஒரே நொடியில் முறிந்து, தேக்கிய ஆற்றலை வெளியிடுகிறது. கற்கள் சிதறுகின்றன, அவை பெயர்ந்த வேகத்தில் பாதையிலுள்ள காற்று தள்ளப்படுகிறது. காற்று இங்கே விளைவு, காரணமன்று.

இதிலிருந்து அறிக்கை எழுதுவோர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 'காத்து வந்து தள்ளிச்சு' என்று ஒரு தொழிலாளி சொன்னால், அது அவர் உடலில் உணர்ந்த செய்தி. அதனை எவரும் மறுக்க இயலாது. அதையே எழுதுபவர் 'காற்று வெடிப்பு நேர்ந்தது' என்று மாற்றினால், செய்தி முடிவாகிவிடுகிறது. தங்கவயலில் தொழிலாளர் பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் பேசினர். அலுவலகமோ ஆங்கிலத்தில் எழுதியது. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடத்தில்தான் இத்தகைய மாற்றம் எவர் கண்ணிலும் படாமல் நடந்துவிடும். மொழிபெயர்ப்பவர் வாக்குமூலத்தைச் 'செம்மைப்படுத்த' முயலாமல், தொழிலாளியின் சொல்லை அவ்வாறே முதலில் எழுதி, பின்னரே பெயர்ப்பைத் தருதல் வேண்டும். அவ்வாறு எழுதிய அறிக்கை, காரணத்தைப் பற்றிய கொள்கை பிற்காலத்தில் மாறினாலும் பயன்படும். முடிவை மட்டும் எழுதிய அறிக்கை அக்கொள்கையுடனேயே பயனற்றுப் போகும்.

ஓர் அறிக்கையை ஆராய்வோம்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இது விளக்கத்தின் பொருட்டு நாம் அமைத்துக்கொண்டதேயன்றி, உண்மையில் நடந்த எந்த விபத்தையும் குறிப்பதன்று. பொன்தாது வெட்டப்படும் இடமாகிய ஸ்டோப்பு ஒன்றில் இரண்டாம் ஷிப்டின்போது கல் விழுந்து ஒருவர் காயமுற்றார். மேற்பார்வையாளர் பின்வருமாறு எழுதினார்:

"மாலையில் கடுமையான காற்று வெடிப்பு ஏற்பட்டு ஸ்டோப்பின் கூரை இடிந்தது. அங்கு முட்டுக் கொடுக்காமல் கவனக்குறைவாக வேலை செய்த தொழிலாளிக்குக் காலில் பலத்த காயம் ஏற்பட்டது. பகலில் வைத்த வெடியின் அதிர்ச்சியே இதற்குக் காரணம். எச்சரித்தும் அவர் கேட்கவில்லை."

படிப்பதற்கு இது தெளிவாகவே இருக்கிறது. தீங்கும் அங்கேதான் உள்ளது. எழுதியவர் எங்கே நின்றார், எதைத் தம் கண்ணால் கண்டார் என்பது இதில் ஓரிடத்திலும் இல்லை. சொல் சொல்லாக இதனை நோக்குவோம்.

'மாலையில்' என்பது நேரமன்று. தங்கவயலில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே பாறை வெடிப்புகளைப் பதிவு செய்ய அதிர்வுமானிகள் பயன்பட்டு வந்துள்ளன. 1970-களின் பிற்பகுதி முதல், சுரங்கத்தின் பல இடங்களில் அதிர்வை உணரும் கருவிகளைப் பொருத்தி, அதிர்வலை ஒவ்வொன்றையும் அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு வெடிப்பு எவ்விடத்தில் நிகழ்ந்தது எனக் கணிக்கும் முறை வந்தது. கடினமான பாறையில் அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் செல்லும். ஆகவே நொடியின் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் அறுபது மீட்டர் பிசகும். மனிதர் அவ்வளவு நுட்பமாக நேரம் குறிக்க இயலாது, குறிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கருவியின் பதிவுகளில் ஒரே நாளில் பல அதிர்வுகள் இருக்கக்கூடும். அவற்றுள் இவ்விபத்துக்கு உரியது எது என்று தேர்ந்தெடுக்க, நிமிட அளவில் சரியான நேரம் தேவை. எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது என்பதும் தேவை. கைக்கடிகாரம் மூன்று நிமிடம் முந்தியிருந்தது என்று பின்னர் தெரியவந்தால், அதனையும் எழுதிவிட வேண்டும்.

'வெடியின் அதிர்ச்சியே காரணம்' என்பது முன்னது பின்னதற்குக் காரணம் எனக் கொள்ளும் பிழை. வெடி வைத்ததை அடுத்துப் பாறை வெடிப்பு நேர்வது உண்டு. வெடி வைத்தும் ஒன்றும் நேராத நாள்களும், வெடியே வைக்காத வேளையில் நேர்ந்த வெடிப்புகளும் உண்டு. இவ்வொரு நிகழ்வில் எது உண்மை என்பதைப் பல நாள்களின் பதிவுகளை ஒப்பிட்டே சொல்ல இயலும். அறிக்கையாளர் தர வேண்டியவை இரண்டு நேரங்கள் மட்டுமே: வெடி வைத்த நேரம், சத்தம் கேட்ட நேரம். இரண்டையும் எழுதி இடையில் 'ஆகையால்' என்ற சொல்லை இடாமல் விட்டுவிட்டால், அவர் கடமை முடிந்தது.

'முட்டுக் கொடுக்காமல்' என்பதே எல்லாவற்றினும் கொடிய சொல். மேற்பார்வையாளர் சென்றபோது அங்கே கற்குவியல் கிடந்தது. அவ்விடத்தில் முட்டு ஒன்றும் நிற்கவில்லை. அவர் கண்டது அவ்வளவே. பாறை வெடிப்பு நின்ற முட்டை முறித்துக் கல்லின் கீழ் புதைத்துவிடும். ஆகவே 'முட்டு இல்லை' என்பதும், 'நிற்கும் முட்டு காணப்படவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது காயமுற்றவரைக் குற்றவாளியாக்குகிறது. பின்னது குவியலை அகற்றிப் பார்க்கச் சொல்கிறது.

'கவனக்குறைவாக' என்பதை எவரும் கண்ணால் காண இயலாது. அது பிறர் மனத்தைப் பற்றிய தீர்ப்பு. 'பலத்த காயம்' என்பதும் மருத்துவர் கூற வேண்டியது. வலது முழங்காலுக்குக் கீழே கல் கிடந்தது, இரத்தம் வந்தது, அவர் பேசினார் என்பவையே காண்போர் எழுதத் தக்கவை.

'எச்சரித்தும் கேட்கவில்லை' என்னும் தொடரில் எச்சரித்தவர் யார், எப்போது, எந்தச் சொற்களால் என்பது இல்லை. இத்தகைய தொடர் ஒருவரின் பிழைப்பையே தொடக்கூடியது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், பாதுகாப்புக்கென்று தெளிவாக இட்ட கட்டளையை ஒருவர் வேண்டுமென்றே மீறியதனால் காயம் நேர்ந்தது என்று நிறுவப்பட்டால், சாவும் நிரந்தரமான முழு ஊனமும் நீங்கிய ஏனைய காயங்களுக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்னும் விதி இருந்தது. முதல் அறிக்கையில் அவசரமாக விழுந்த ஒரு சொல், பின்னர் சாட்சியமாக எடுத்துக் காட்டப்படக் கூடும் என்பதை எழுதுவோர் மறத்தல் ஆகாது.

அதே நிகழ்வு, மறுமுறை

அம்மேற்பார்வையாளரே தாம் கண்டதை மட்டும் எழுதியிருந்தால் அறிக்கை இவ்வாறு அமைந்திருக்கும்:

"மாலை 5 மணி 20 நிமிடத்திற்கு, ஷாப்டு நிலையக் கடிகாரத்தின்படி, நான் அந்நிலையத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து ஸ்டோப்பின் வாயில் 60 மீட்டர். உரத்த சத்தம் ஒருமுறை கேட்டேன். காற்று முகத்தில் அடித்தது. பாதையில் தூசி நிரம்பியது. 5 மணி 26 நிமிடத்திற்கு ஸ்டோப்பை அடைந்தேன். வடக்கு முனையில் கற்குவியல் கிடந்தது. தொழிலாளி ஒருவர் அதன் தெற்கு விளிம்பில் கிடந்தார். அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே ஒரு கல் இருந்தது. அவர் பேசினார். நானும் வேறு இருவரும் அக்கல்லையும் அதன் அருகிலிருந்த சிறு கற்களையும் அகற்றி அவரை வெளியே எடுத்தோம். மற்றக் கற்களைத் தொடவில்லை.

6 மணி 10 நிமிடத்திற்குக் குவியலை நாடாவால் அளந்தேன்: நீளம் 4 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். குவியலின் தெற்கே மூன்று முட்டுகள் நின்றன. ஒன்றுக்கொன்று இடைவெளி 1.5 மீட்டர். குவியல் கிடந்த இடத்தில் நிற்கும் முட்டு காணப்படவில்லை. குவியலின் அடியில் உள்ளது பார்க்கப்படவில்லை.

வெடிப் பதிவேட்டின்படி இந்த ஸ்டோப்பில் கடைசியாக வெடி வைத்தது பகல் 2 மணி 15 நிமிடம். உடன் வேலை செய்த ஒருவர் கூறியது: 'சத்தம் வரும்போது நான் முதுகைக் காட்டி நின்றேன், கல் விழுந்ததைப் பார்க்கவில்லை.' ஷிப்டின் தொடக்கத்தில் நான் இந்த ஸ்டோப்புக்குச் செல்லவில்லை."

முதல் அறிக்கையினும் இது நீளமானது. ஆயினும் இதில் ஒரு வாக்கியத்தையேனும் பின்னர் திரும்பப் பெற வேண்டிய தேவை நேராது. இறுதி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். அது எழுதியவருக்கே வசதியற்றது. பிறரைக் குறை கூறாமை என்பது தம்மைப் பற்றிய செய்தியை மறைப்பதன்று. தாம் செய்ததையும் செய்யாததையும் அதே நிறமற்ற சொற்களில் எழுதுபவரின் அறிக்கையைத்தான் மற்றவர் நம்புவர்.

இந்த எடுத்துக்காட்டில், மூன்றாம் நாள் குவியலை அகற்றினார்கள் என்று கொள்வோம். அடியில் முறிந்த மரத்துண்டுகள் இரண்டு கிடைத்தன. ஒன்றின் தலையில் ஆப்பு இறுகியிருந்தது. மேற்பார்வையாளர் முதல் அறிக்கையைத் திருத்தாமல், தேதியிட்ட துணை அறிக்கை ஒன்றில் துண்டுகளின் நீளத்தையும், கிடந்த இடத்தையும், ஆப்பு இருந்த நிலையையும் எழுதினார். இப்போதும் 'முட்டு முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தது' என்று எழுதவில்லை. அம்முட்டை யார், எப்போது நட்டார் என்பதை மரத்துண்டு சொல்லாது. ஆயினும் முதல் நாளில் 'முட்டுக் கொடுக்காமல்' என்று எழுதியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய அநீதி தவிர்க்கப்பட்டது.

வினைச்சொல்லில் கவனம்

தமிழில் அறிக்கை எழுதுவோர் தம் மொழியின் இயல்பு ஒன்றை அறிந்திருத்தல் நலம். நம் வினைச்சொற்களின் இறுதியிலேயே சான்றும் தீர்ப்பும் அடங்கிவிடுகின்றன. 'விழுந்தது' என்றால் நான் கண்டேன் என்பது பொருள். 'விழுந்ததாம்' என்பது கேள்விச் செய்தி. 'விழுந்திருக்கும்' என்பது ஊகம். இவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. கேட்ட செய்தியை எழுதத்தான் வேண்டும். ஆனால் சொன்னவர் அப்போது எங்கே நின்றார் என்பதையும் சேர்த்து, 'இன்னார் கூறினார்' என்று முடிக்க வேண்டும்.

துணைவினைகளும் அவ்வாறே. 'கம்பியை விட்டார்' என்பதற்கும் 'விட்டுவிட்டார்' என்பதற்கும் இடையே ஒரு குற்றச்சாட்டே இருக்கிறது. 'கம்பி அவர் கையிலிருந்து நழுவியது' என்பது கண்டது. மாறாக, செயப்பாட்டு வினையின் பின்னால் ஒளிவதும் தகாது. 'விளக்கு அணைக்கப்பட்டது' என்று எழுதினால் அணைத்தவர் மறைந்துவிடுகிறார். அவரைக் கண்டிருந்தால் 'பம்பு ஓட்டுபவர் அணைத்தார்' என்றே எழுத வேண்டும். செய்தவரைக் குறிப்பது பழி சுமத்துவதாகாது; அச்செயலுக்கு அடைமொழி சேர்ப்பதுதான் பழியாகும். 'போதிய', 'தகுந்த', 'முறையற்ற' ஆகிய சொற்கள் தோன்றும் இடங்களில் எல்லாம், அங்கே ஓர் அளவு விடுபட்டிருக்கிறது என்று அறிந்து, நாடாவை எடுத்துக்கொண்டு திரும்பிச் செல்ல வேண்டும்.

சாட்சிகளைக் கேட்கும் முறையும் இதனைச் சார்ந்ததே. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கதையை ஒன்றாக்கிக்கொள்வதற்கு முன், தனித்தனியே கேட்க வேண்டும். 'ஏன் நடந்தது?' என்று கேட்டால் ஊகம் வரும். 'நீங்கள் எங்கே நின்றீர்கள்? முதலில் எதைக் கண்டீர்கள்?' என்று கேட்டால் செய்தி வரும். குறிப்பாகச் சத்தம் வந்த திசையைப் பற்றிச் சொல்வதைச் சொன்னவரின் உணர்வாக மட்டும் பதிய வேண்டும். சுரங்கப் பாதைகள் ஒலியைக் குழாய்போல் கொண்டு செல்வதால், வெடித்த இடம் வேறாகவும் ஒலி வந்த வழி வேறாகவும் இருக்கும். இருவர் கூற்று முரண்பட்டால் இரண்டையும் அவ்வாறே எழுத வேண்டும். ஒத்திசைய வைப்பது அறிக்கையாளர் வேலையன்று.

கலைவதற்கு முன் ஒரு வரைபடம்

காயமுற்றவரை மீட்பதும், மேலும் கல் விழாமல் முட்டுக் கொடுப்பதும் முதல் வேலை. அளப்பதும் எழுதுவதும் அதன் பின்னரே. வெடிப்புக்குப் பின் தளர்ந்த கூரையின் கீழ் நாடா பிடித்து நிற்பது மற்றொரு விபத்துக்கு வழியாகும். மீட்பின்போது இடம் கலைவது தவிர்க்க முடியாதது. எதனை, யார், எங்கே நகர்த்தினார் என்று எழுதிவிட்டால் போதும்.

1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் எழுந்த விதிமுறைகள் இதற்கு நல்ல வழி காட்டின. உயிர்ச்சேதமோ கடுங்காயமோ நேர்ந்த இடத்தை, மீட்புக்கும் மேற்கொண்டு ஆபத்தைத் தடுப்பதற்கும் தவிர, ஆய்வாளர் வருமுன் கலைக்கலாகாது. கலைக்கும் முன் இடத்தின் வரைபடம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதில் நிர்வாகத்தின் சார்பானவர்கள் மட்டுமன்றித் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். இவ்விதியின் நுட்பம் அக்கையொப்பத்தில் இருக்கிறது. காரணத்தைப் பற்றி இரு தரப்பும் மாறுபடலாம். கல் எங்கே கிடந்தது, முட்டு எங்கே நின்றது என்பதில் மாறுபட இடமில்லை. இருவரும் மறுப்பின்றிக் கையொப்பமிடக்கூடிய வாக்கியம் எதுவோ அதுவே அறிக்கைக்குரிய வாக்கியம் என்று கொள்ளலாம்.

அவ்வாறாயின் அனுபவமுள்ளவரின் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. பல ஆண்டுகள் பாறையைத் தட்டிப் பார்த்தவரின் கருத்து விசாரணைக்கு மிகவும் வேண்டியது. ஆனால் அது தனித் தாளில், 'என் கருத்து' என்னும் தலைப்பின் கீழ், அவர் பெயரோடு அமைய வேண்டும். அறிக்கையின் நடுவே கலந்துவிட்டால், அடுத்து வருபவர் எது கண்டது, எது கருதியது எனப் பிரிக்க இயலாமல் இரண்டையும் ஒருங்கே ஐயுறுவார். மேலும், செய்திகளை மட்டும் கொண்ட அறிக்கை காரணத்தைத் தானே கூறிவிடாது. அதனைத் தேடும் பணி விசாரணையாளருடையது. அவர் கையில் கெடாத சான்றைக் கொடுப்பதோடு அறிக்கையின் எல்லை முடிகிறது.

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. கீழ்த்தளங்களில் நீர் நிரம்பிற்று. மூடிய பின்னரும் அங்கே பாறை அதிர்வுகள் தொடர்ந்து பதிவாயின. தங்கவயலில் 1988-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் அவற்றை ஆராய்ந்தது. கீழே சென்று முறிந்த முட்டையோ சிதறிய கல்லையோ இனிக் காண வழியில்லை. அவ்விடங்களைப் பற்றி அறிய விரும்புவோருக்கு எஞ்சியிருப்பவை அதிர்வுமானியின் கோடுகளும், அன்று அங்கே நின்றவர்கள் எழுதிவைத்த தாள்களும் மட்டுமே. 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்று முடியும் தாளிலிருந்து அவர்கள் பெறக்கூடியது எதுவுமில்லை. நேரமும் தொலைவும் முட்டின் இடைவெளியும் குறித்த தாள் இன்றும் பயன் தரும்.